நாலாயிரம் எழுத்தில் ஒரே ஒரு சிரிப்பு

பிரிட்டிஷ் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காமல் போக வழிகள் பல உண்டு. மதிப்பெண்ணைக் கோட்டைவிடலாம். காலக்கெடுவைத் தவறவிடலாம். இவையெல்லாம் பழைய முறைகள், யார் வேண்டுமானாலும் செய்யலாம். கொஞ்சம் ரசனையோடு இடத்தை இழக்க நினைப்பவர்களுக்கென்றே யூகாஸ் விண்ணப்பத்தில் ‘பெர்சனல் ஸ்டேட்மென்ட்’ என்று ஒரு பகுதியை வைத்திருக்கிறார்கள். அதில் ஜோக் அடிக்கலாம்.

ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் உள்ள தமிழ் வீடுகளில் பள்ளி திறந்ததும் இந்த வழக்கு எழும். “கொஞ்சம் நகைச்சுவையா எழுது, அப்பத்தான் ஆயிரம் பேருக்குள்ளை தனியாத் தெரிவாய்” என்பார் ஏற்கெனவே பட்டம் வாங்கிவிட்ட அண்ணன். “அதிலை போய்ப் பகிடி விடாதை தம்பி” என்பார் அம்மா. சென்னையிலிருந்து விண்ணப்பிக்கும் பிள்ளைக்கு அண்ணன் இடத்தில் ஒரு கன்சல்டன்சி உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அம்மா சொல்வது முக்கால் பங்கு சரி. மிச்சக் கால் பங்குக்காகத்தான் இந்த வழிகாட்டி.

முதலில் களத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். உங்களுக்குத் தரப்படும் இடம் மொத்தம் 4,000 எழுத்து. சொல் அல்ல, எழுத்து. இடைவெளியும் புள்ளியும் அதில் சேர்த்தி. முன்பு அதை ஒரே நீளக் கட்டுரையாக எழுதினார்கள். 2026 சேர்க்கையிலிருந்து மூன்று கேள்விகளாகப் பிரித்துவிட்டார்கள்: இந்தப் படிப்பு ஏன் வேண்டும், இதுவரை படித்தது அதற்கு உங்களை எப்படித் தயார் செய்தது, வகுப்புக்கு வெளியே வேறென்ன செய்தீர்கள். ஒவ்வொரு பதிலும் குறைந்தது 350 எழுத்தாவது இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்து அதே 4,000. ஆங்கிலத்தில் 400 எழுத்து பிடிக்கும் ஒரு வேடிக்கைக் கதையைச் சொன்னால் உங்களுக்குத் தரப்பட்டதில் பத்தில் ஒரு பங்கைக் கொடுத்துச் சிரிப்பை வாங்குகிறீர்கள். அந்த விலைக்கு அது நல்ல சிரிப்பாக இருக்க வேண்டும்.

இன்னொரு சங்கடம், அந்தப் பெட்டிக்குள் தடித்த எழுத்து, சாய்வெழுத்து எதுவும் ஏறாது. வாட்ஸ்அப்பில் “சும்மா சொன்னேன்” என்பதற்கு ஒரு மஞ்சள் முகம் போதும். இங்கே கிண்டலும் உண்மையும் ஒரே மாதிரி எழுத்தில், ஒரே மாதிரி முகத்தோடு நிற்கும். அதை வாசிப்பவர் அந்தத் துறையின் பேராசிரியராகவோ சேர்க்கை அலுவலராகவோ இருப்பார். நீங்கள் ஐந்து இடங்களுக்கு விண்ணப்பித்தால் ஐந்து இடங்களுக்கும் போவது இதே ஒரு பிரதிதான். முகம் தெரியாத ஐந்து பேர், ஐந்து வேறு மனநிலை, ஒரே ஜோக். மேடை ஏறுகிறவர்கள்கூட இந்தச் சூதாட்டத்துக்கு யோசிப்பார்கள்.

சரி, இவ்வளவு சொன்ன பிறகும் இடத்தை இழந்தே தீருவேன் என்பவர்களுக்கான செய்முறை இதோ.

முதல் வரியிலேயே ஒரு சின்ன வயது வேடிக்கைச் சம்பவத்தைப் போடுங்கள். இதற்கு வரலாற்றுச் சான்றே உண்டு. 2007இல் யூகாஸ் அமைப்பு விண்ணப்பங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தபோது ஓர் அதிசயம் வெளியே வந்தது. எட்டாவது பிறந்தநாளன்று வேதியியல் சோதனைப் பெட்டியை வைத்து விளையாடியதில் பைஜாமாவில் ஓட்டை விழுந்துவிட்டது, அன்று தொடங்கியதுதான் தன் அறிவியல் ஆர்வம் என்று 234 பேர் எழுதியிருந்தார்கள். இத்தனை பைஜாமாக்கள் ஒரே மாதிரி எரிந்திருந்தால் தீயணைப்புத் துறைக்குத்தான் முதலில் தெரிந்திருக்கும். இணையத்தில் கிடந்த ஒரு மாதிரி விண்ணப்பத்திலிருந்து எடுத்தது அது. யோசித்துப் பாருங்கள், அதை முதலில் எழுதியவர் நன்றாகத்தான் எழுதியிருக்கிறார். குறும்பு இருக்கிறது, படம் மனதில் நிற்கிறது, தன்னைப் பார்த்துத் தானே சிரிக்கும் பக்குவம் இருக்கிறது. 234 பேரின் கண்ணில் பட்டதே அதற்கு நற்சான்று. ஆனால் நல்ல நகைச்சுவைதான் முதலில் திருடு போகும். சாதுவான வாக்கியம் ஒன்றை ஐம்பது பேர் எழுதினாலும் யாருக்கும் நினைவிருக்காது. பைஜாமா இரண்டாவது முறை வந்தாலே மாட்டிக்கொள்ளும். யூகாஸ் இப்போதும் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் பழையவற்றோடு மென்பொருள் கொண்டு ஒப்பிடுகிறது. ஒத்துப்போனால் பல்கலைக்கழகத்துக்குத் தகவல் போகும். சொந்தச் சரக்காக இருந்தாலும் முதல் வரி ஜோக்குக்கு ஆகாத இடம்தான். நீங்கள் யார் என்றே தெரியாத ஒருவர் நீங்கள் விளையாடுகிறீர்களா உளறுகிறீர்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பார்?

அடுத்தது, உங்களை நீங்களே மட்டம் தட்டிக்கொள்ளுங்கள். “நான் பெரிய சோம்பேறி, ஆனால் பொருளாதாரம் என்றால் எழுந்துவிடுவேன்.” நண்பர்கள் நடுவில் இது அடக்கம். விண்ணப்பத்தில் இது வாக்குமூலம். வாசிப்பவர் இந்தப் பிள்ளை மூன்று வருடம் தாக்குப்பிடிக்குமா என்று தேடிக்கொண்டிருக்கிறார். தேடும் விடையை நீங்களே எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தால் அவர் என்ன செய்வார்? ஆசிரியரைக் கிண்டல் செய்வது இன்னும் விசேஷம், ஏனென்றால் உங்களைப் பற்றிப் பள்ளி எழுதும் பரிந்துரையும் இதே விண்ணப்பத்தோடுதான் பயணம் செய்கிறது. மருத்துவத்துக்கு விண்ணப்பிப்பவர் முதியோர் இல்லத்தில் பணி செய்தபோது நடந்த வேடிக்கை என்று ஒரு பாட்டியின் மறதியை எழுதினால் வேலை முடிந்தது. அங்கே சிரிப்பின் தரத்தை யாரும் பார்ப்பதில்லை, யாரைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள் என்பதைத்தான் பார்ப்பார்கள். நோயாளி பக்கம் விரல் நீட்டும் நகைச்சுவைக்கு அந்தப் படிப்பில் விதிவிலக்கே கிடையாது. ஆச்சரியக்குறிகளை மறக்க வேண்டாம். ஒன்று போட்டால் சந்தேகம், மூன்று போட்டால் உறுதி.

இங்கே யாராவது அமெரிக்காவை இழுப்பார்கள். இழுக்கட்டும், நியாயம்தான். அங்கே கட்டுரையின் வேலையே வேறு. பாடத்தைவிட ஆளைத்தான் அதில் தேடுகிறார்கள். சிகாகோ பல்கலைக்கழகம் கோணலான கேள்விகள் கேட்பதற்கே பேர்போனது. ‘எக்ஸைக் கண்டுபிடி’ என்பதே ஒரு வருடம் கட்டுரைத் தலைப்பாக வந்தது. கேட்கிறவரே கண்ணடிக்கும்போது பதிலுக்குக் கண்ணடிக்காமல் இருப்பதுதான் அங்கே தப்பு. 1990இல் ஹ்யூ காலகர் என்ற மாணவர் இப்படிப்பட்ட கல்லூரிக் கட்டுரைகளையே கேலி செய்து ஒன்று எழுதினார். மனிதனால் ஆகாத சாதனைகளையெல்லாம் தான் செய்ததாக அடுக்கிக்கொண்டே போய், கல்லூரிக்கு மட்டும் இன்னும் போகவில்லை என்று முடித்தார். அது தேசிய அளவிலான மாணவர் எழுத்துப் போட்டியில் பரிசு வாங்கியது. அவர் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் படித்தார். அதை இப்போது நீங்கள் செய்ய முடியாது, ஏனென்றால் அவர் செய்துவிட்டார். முழுக்க முழுக்க ஜோக்காகவே ஒரு விண்ணப்பம் எழுதுவது உலகத்தில் முதல் ஆளுக்கு மட்டும் பலிக்கும் வித்தை. யூகாஸ் கேட்பது வேறு: இந்தப் பாடம் ஏன், அதற்கு உங்களிடம் என்ன தயாரிப்பு. அந்தக் கேள்விகளில் கண்ணடிப்பு எதுவும் இல்லை.

அப்படியானால் அந்தக் கால் பங்கு எங்கே? சிவில் இன்ஜினியரிங் படிக்க விண்ணப்பிக்கும் ஒரு பையனை வைத்துப் பார்ப்போம். கோடை விடுமுறையில் வீட்டில் ஸ்பகெட்டியால் ஒரு பாலம் கட்டினான். வேகவைக்காத, காய்ந்த ஸ்பகெட்டிதான். சூட்டுப் பசை வைத்து ஒட்டி, முக்கோணம் முக்கோணமாக இரண்டு பக்கச் சட்டங்கள் செய்து, இரண்டு நாற்காலிகளுக்கு நடுவில் வைத்து, ஒரு கிலோ சீனிப் பைகளை ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டான். இரண்டு கிலோ தாங்கியது. மூன்றாவது பையில் விழுந்தது. மூன்றாவது கேள்விக்கு இதைத்தான் எழுதப்போகிறான்.

முதல் வரைவு அண்ணன் ஆலோசனைப்படி: “என் பாலம் இத்தாலியப் பாரம்பரியத்தையும் தமிழ்ப் பொறுமையையும் கலந்து கட்டியது! மூன்றாவது கிலோவில் அது தற்கொலை செய்துகொண்டது. பசை ஒட்டியிருந்ததால் மிச்சத்தைச் சாப்பிடக்கூட முடியவில்லை. அன்று எங்கள் வீட்டில் பட்டினி, ஆனால் ஒரு பொறியாளர் பிறந்தான்!”

இதில் சிரிப்பு இல்லாமல் இல்லை. பசையால் சாப்பிட முடியாமல் போனது எனக்குப் பிடிக்கவே செய்தது. ஆனால் சிரிப்பை வழித்தெடுத்துவிட்டு மிச்சம் என்ன என்று பாருங்கள். பாலம் கட்டினான், உடைந்தது. எது உடைந்தது, ஏன் உடைந்தது, அதற்கு என்ன செய்தான், ஒன்றுமே இல்லை. தற்கொலையை வேடிக்கையாக எழுதுவது எந்தப் படிப்புக்கும் ஆகாது என்பதையும் யாராவது அவனிடம் சொல்ல வேண்டும்.

இரண்டாவது வரைவு அம்மா பார்த்துத் திருத்தியது: “கட்டுமானங்கள் மீது எனக்கு அளவற்ற ஆர்வம் உண்டு. விடுமுறையில் ஒரு மாதிரிப் பாலம் வடிவமைத்ததன் மூலம் சிக்கல்களுக்குத் தீர்வு காணும் திறனையும் விடாமுயற்சியையும் வளர்த்துக்கொண்டேன்.” இதில் பிழையே கிடையாது. பையனும் கிடையாது. பாலம் என்பதை எடுத்துவிட்டுக் கோழிப்பண்ணை என்று போட்டாலும் வாக்கியம் அப்படியே நிற்கும்.

நடந்தது என்ன என்று அவனை உட்கார வைத்துக் கேட்டால்தான் விஷயம் வரும். ஒட்டிய மூட்டுகள்தான் முதலில் விடும் என்று எதிர்பார்த்திருந்தான். விட்டது மூட்டு அல்ல. பாரம் ஏறும்போது பாலத்தின் கீழ்க்கம்பி இழுபடும், மேல்கம்பி நசுங்கும். மெல்லிய நீளமான கம்பியை இரண்டு முனையிலிருந்தும் அழுத்தினால் அது நசுங்குவதற்கு முன்பே பக்கவாட்டில் வளைந்துகொடுத்துவிடும். அதுதான் நடந்தது. 18ஆம் நூற்றாண்டுக் கணித அறிஞர் ஆய்லர் இதற்கு ஒரு சூத்திரம் தந்திருக்கிறார். பக்கவாட்டில் பிடிப்பில்லாத நீளத்தைப் பாதியாக்கினால் தாங்கும் பாரம் நான்கு மடங்காகும். பையன் இரண்டாவது பாலத்தில் இரு பக்க மேல்கம்பிகளுக்கு இடையே குறுக்கும் மறுக்குமாகத் துண்டுகள் ஒட்டினான். இப்போது கம்பி வளைய வேண்டுமானால் பாதித் தூரத்துக்குள் வளைய வேண்டும். முன்பு இரண்டு கிலோ தாங்கியதால் இப்போது எட்டு கிலோவாவது தாங்க வேண்டும். ஆறு தாங்கியது. ஏழாவதில் விழுந்தது. இந்த முறை விட்டது மூட்டு.

மூன்றாவது வரைவு: “முதல் பாலம் மூன்றாவது கிலோவில் விழுந்தது. மூட்டு விடும் என்று எதிர்பார்த்தேன். மேல்கம்பி பக்கவாட்டில் வளைந்தது. குறுக்குத் துண்டுகள் சேர்த்து அதன் நீளத்தைப் பாதியாக்கினேன். ஆய்லரின் சூத்திரப்படி எட்டு கிலோ தாங்கியிருக்க வேண்டும். என் பசை ஆய்லரைப் படித்திருக்கவில்லை, ஏழாவது கிலோவில் விட்டுவிட்டது. ஒரு பலவீனத்தைச் சரிசெய்தால் பாரம் அடுத்த பலவீனத்தைத் தேடிப் போகிறது என்று அப்போது புரிந்தது. இதைத்தான் கணக்காகக் கற்க விரும்புகிறேன்.”

சிரிப்பு எங்கே இருக்கிறது பாருங்கள். “என் பசை ஆய்லரைப் படித்திருக்கவில்லை.” நான்கு சொல். அதை எடுத்துவிட்டாலும் ‘எட்டு எதிர்பார்த்தேன், ஏழில் மூட்டு விட்டது’ என்ற செய்தி அப்படியே நிற்கும். யாரும் புரிந்துகொள்ளாவிட்டாலும் நஷ்டமில்லை. புரிந்துகொண்டவர் உதட்டோரம் சிரித்துவிட்டு அடுத்த வரிக்குப் போவார். இந்த வேடிக்கையைப் பையன் கண்டுபிடிக்கவும் இல்லை. சூத்திரம் சொன்னதற்கும் நாற்காலிகளுக்கு நடுவில் நடந்ததற்கும் இருந்த இடைவெளிதான் அது. பாடத்துக்குள்ளேயே கிடந்ததை எடுத்துக்கொடுத்தான். கிண்டல் விழுந்தது பசை மீது. அவன் திறமை மீதோ இன்னொரு மனிதர் மீதோ விழவில்லை. உடனே அடுத்த வாக்கியம் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறது. இந்த அடுத்த வாக்கியத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஜோக் சொன்ன கையோடு பத்தியை முடித்தால் கைதட்டலுக்குக் காத்திருப்பதாகத் தெரியும். அதே கையோடு கற்றதைச் சொன்னால் சிரிப்பு அந்தக் கற்றலுக்கு வழிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

பசையால் சாப்பிட முடியாமல் போன வரியை மூன்றாவது வரைவில் வெட்டிவிட்டோம் என்பதைக் கவனித்திருப்பீர்கள். இரண்டில் அதிகம் சிரிக்க வைப்பது அதுதான். ஆனால் அதை எந்தப் படிப்புக்கு விண்ணப்பிப்பவரும் எழுதலாம். ஆய்லர் வரியை இந்தப் பாலத்தைக் கட்டியவன் மட்டும்தான் எழுத முடியும். ஒரே இடம்தான் இருக்கிறது என்றால் அது யாருக்கு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஒரு விண்ணப்பத்துக்கு ஒன்று போதும். இரண்டாவது வந்தால் வாசிப்பவர் மூன்றாவதை எதிர்பார்க்கத் தொடங்குவார், பாலத்தை மறந்துவிடுவார்.

நேர்முகம் வைக்கும் இடங்களில் இன்னொன்றும் நடக்கும். எதிரில் இருப்பவர் உங்கள் விண்ணப்பத்தைப் புரட்டிக்கொண்டே, “உன் பசை ஆய்லரைப் படிக்கவில்லை என்கிறாய், சரி. அந்த எட்டு கிலோ கணக்கில் கம்பியின் முனைகள் எப்படிப் பிடிக்கப்பட்டிருப்பதாக வைத்துக்கொண்டாய்?” என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். முனைகள் சுழலக்கூடியவையா அசையாமல் இறுகியவையா என்பதைப் பொறுத்து விடை மாறும். இரண்டு முனையும் முழுக்க இறுகியிருந்தால் அதே கம்பி நான்கு மடங்கு தாங்கும். பசை போட்ட முனை இரண்டும் அல்ல, நடுவில் எங்கேயோ இருக்கும். அதனால் ‘சூத்திரப்படி எட்டு’ என்பதே கொஞ்சம் தைரியமான கணக்குதான். இதைப் பையன் சொல்லிவிட்டால் அந்த ஒரு வரி அவனுக்குப் பத்து நிமிட நல்ல பேச்சை வாங்கிக் கொடுத்திருக்கும். முழித்தால் வரி அவனுக்கு எதிராகத் திரும்பும். ஆகவே ஜோக்கை வைப்பதற்கு முன்னால் அதைப் பற்றி வரக்கூடிய மிகக் கடினமான கேள்வியை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். பதில் இல்லையென்றால் ஜோக்கும் வேண்டாம். பைஜாமா எரித்தவர்களிடம் யாராவது அது எந்த ரசாயனம் என்று கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவ்வப்போது நினைத்துக்கொள்வேன்.

பரிசோதனை ஒன்று மிச்சம் இருக்கிறது. எழுதியதை அண்ணனிடம் காட்டாதீர்கள், அவர் உங்கள் குரலிலேயே வாசித்துச் சிரித்துவிடுவார். உங்களை அதிகம் தெரியாத, பொதுவாகச் சிரிக்காத ஒரு பெரியவரிடம் கொடுத்து மனதுக்குள் படிக்கச் சொல்லுங்கள். பள்ளியில் வேறு பாடம் எடுக்கும் ஆசிரியர் பொருத்தம். படித்து முடித்ததும் “இந்தப் பிள்ளை என்ன செய்திருக்கிறது?” என்று மட்டும் கேளுங்கள். பாலத்தைப் பற்றிச் சொன்னால் வரி இருக்கட்டும். “வேடிக்கையான பையன்” என்று சொன்னால் வெட்டிவிடுங்கள். வரி உங்களுக்கே இரண்டு மனமாக இருந்தாலும் வெட்டிவிடுங்கள். ஜோக் இல்லாததால் யாரையும் நிராகரிக்க மாட்டார்கள்.

எல்லாவற்றையும் அனுப்பும் பொத்தானைத் தொடுவதற்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், பெரும்பாலான மருத்துவப் படிப்புகளுக்குக் காலக்கெடு அக்டோபர் 15. மற்ற பெரும்பாலான படிப்புகளுக்கு ஜனவரி நடுப்பகுதி. இரண்டும் லண்டன் நேரம் மாலை 6 மணிக்கு முடியும். சென்னையில் அது அக்டோபரில் இரவு பத்தரை, ஜனவரியில் பதினொன்றரை. போன பிறகு அந்த 4,000 எழுத்தில் ஒன்றைக்கூட உங்களால் மாற்ற முடியாது.